உங்கள் ஆர்.ஆர்.எஸ்.பி. ஒரு இலட்சம் உண்மையில் எழுபதாயிரம்

வணக்கம் அண்ணா. எனக்கு 44 வயது. 2016இல் கனடா போனேன். ஸ்காபரோவில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை, வருடச் சம்பளம் 82,000 டொலர், கம்பனி ஓய்வூதியம் கிடையாது. ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 100,000 இருக்கிறது, முழுக்கப் பங்கு நிதி. வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யில் 60,000, முழுக்க ஜி.ஐ.சி. என்ற நிலையான வைப்பு. இரண்டிலும் காசு போட அனுமதித்த இடம் நிரம்பிவிட்டது. வெளியே சாதாரண முதலீட்டுக் கணக்கில் 40,000, அது பிணைமுறி நிதி. பங்கு பாதி, வட்டி பாதி என்று கணக்குப் போட்டுத்தான் இப்படி வைத்தேன். இப்போது அம்மாவைப் பார்க்க மூன்று கிழமைக்குக் கல்லடி வந்திருக்கிறேன். மச்சான் சொல்கிறார், பிணைமுறி எல்லாவற்றையும் ஆர்.ஆர்.எஸ்.பி.க்குள் போட்டுப் பங்கை மற்ற இரண்டுக்கும் மாற்றினால் வாழ்நாள் முழுக்க வரி மிச்சமாம். அப்படியே செய்யட்டுமா? அறுபது வயதில் ஊரோடு வந்துவிடும் எண்ணமும் இருக்கிறது.

தங்கச்சி, மச்சான் சொன்னதில் பாதி சரி. ஆனால் அவர் சொன்னபடி அப்படியே மாற்றினால், வரி குறைந்த சந்தோசத்தில் நீங்கள் எடுக்கும் ஆபத்து எவ்வளவு ஏறியது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும். ரொறன்ரோவில் பத்தொன்பது வருடம் வரிக்கணக்கு எழுதிக்கொடுத்தவன் நான். இந்தத் தவறைப் படித்தவர்கள்தான் அதிகம் செய்வார்கள், ஏனென்றால் வங்கி அனுப்பும் அறிக்கையில் மூன்று கணக்கையும் ஒரே டொலரில்தான் அச்சடிக்கிறார்கள்.

எங்கள் அப்பாவுக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. ஒரு துண்டு சொந்தமாகச் செய்வார், இன்னொன்றை வாரத்துக்குக் கொடுத்திருந்தார். அந்த வாரக்காணியில் எத்தனை மூடை விளைந்தது என்று யாராவது கேட்டால், அப்பா ஒருநாளும் முழு விளைச்சலைச் சொல்லமாட்டார், தன் பங்கைத்தான் சொல்வார். ஆர்.ஆர்.எஸ்.பி. அப்படிப்பட்ட காணி. காசு போடும்போது வரிக்கழிவு கிடைத்தது அல்லவா, அது இலவசமாகக் கிடைத்ததல்ல, அரசாங்கம் உங்களோடு கூட்டுச்சேர அன்றைக்கு இறக்கிய முதல். எடுக்கும்போது தன் பங்கை வாங்கிக்கொள்ளும். ஒன்ராறியோவில் 82,000 சம்பளத்தில் கடைசியாக வரும் ஒவ்வொரு டொலருக்கும் உங்கள் வரி 29.65 வீதம். 30 என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும் காலத்திலும் அதே வீதம் என்றால் அந்த 100,000இல் 70,000தான் உங்களுடையது, மிச்சம் 30,000 ஒட்டாவாவுடையது, அதை நீங்கள் பாதுகாத்துக் கொடுக்கிறீர்கள். ஓய்வுகாலத்தில் வருமானம் குறைந்து 20 வீத வரியில் எடுத்தால் உங்களுடையது 80,000 ஆகும். அது நல்லதுதான், ஆனால் கணக்கை முதலில் 30இல் போட்டுப் பார்ப்போம்.

டி.எஃப்.எஸ்.ஏ. முழுக்கச் சொந்தக் காணி. வரி கட்டி முடித்த காசு போனது, விளைவது எல்லாம் உங்களுக்கு, எடுக்கும்போதும் கேள்வி இல்லை. வெளிக்கணக்கு இருக்கிறதே, அதுவும் சொந்தக் காணிதான், ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் ஒருவர் களத்துக்கே வந்து அளந்து எடுத்துக்கொண்டு போவார்.

இனி உங்கள் பாதிக்குப் பாதியைத் திரும்பப் பாருங்கள். பங்கு 100,000, அதில் உங்களுடையது 70,000. ஜி.ஐ.சி. 60,000, பிணைமுறி 40,000, இரண்டும் முழுக்க உங்களுடையவை. மொத்தம் 170,000இல் பங்கு 70,000, அதாவது 41 வீதம். பாதி என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் 41 வீதத்தில்தான் இருந்திருக்கிறீர்கள். மச்சான் சொன்னபடி அப்படியே தலைகீழாக்கினால் பிணைமுறி ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 70,000, பங்கு மற்ற இரண்டிலும் சேர்த்து 100,000, இப்போது பங்கு 59 வீதம். அறிக்கையில் இரண்டு முறையும் சரிபாதி என்றே தெரியும். சந்தை முப்பது வீதம் விழுந்தால் முன்னைய ஒழுங்கில் உங்கள் கையிலிருந்து போவது 21,000, பிந்தியதில் 30,000. இணையத்தில் "வளரும் நிதியை டி.எஃப்.எஸ்.ஏ.யில் வைத்தேன், எவ்வளவு கூடியது பாருங்கள்" என்று சொல்கிறவர்கள் பலர் வரியில் மிச்சம் பிடித்ததில்லை, தெரியாமலே கூடுதல் ஆபத்து எடுத்திருக்கிறார்கள், சந்தையும் ஏறியிருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். உங்களுடையதை மட்டும் பார்த்தால், ஆர்.ஆர்.எஸ்.பி.யில் உள்ள 70,000க்கும் டி.எஃப்.எஸ்.ஏ.யில் உள்ள 60,000க்கும் வளர்ச்சியின்மேல் வரி இல்லை. ஒட்டாவாவின் 30,000 அதன் பாட்டுக்கு வளரும், உங்களுடையது உங்கள் பாட்டுக்கு வளரும். போடும்போதும் எடுக்கும்போதும் வரிவீதம் ஒன்றே என்றால் இந்த இரண்டு கணக்குகளுக்குள் எது எங்கே என்பது பெரிய விசயமே இல்லை. வாழ்நாள் முழுக்க வரி தின்னுகிற இடம் அந்த வெளிக்கணக்கு ஒன்றுதான். ஆகவே உண்மையான கேள்வி, வெளியே இருக்கிற 40,000 எதுவாக இருக்கவேண்டும் என்பது.

இப்போது அது பிணைமுறி. வருடத்துக்கு 4 வீதம் என்று வைத்தால் 1,600 டொலர் வட்டி, வட்டிக்குச் சம்பளத்தைப்போல முழு வரி, 480 போகும். மிஞ்சுவது 2.8 வீதம். இருபது வருடத்தில் வரி இல்லாமல் 87,600 ஆகவேண்டிய காசு 69,500இல் நிற்கும். 18,000 டொலர் வரிக்கும், அந்த வரி குட்டி போட்டிருக்கக்கூடிய வட்டிக்கும் போய்விட்டது. இதைப் பார்த்ததும் மச்சானுக்குக் கோபம் வந்தது நியாயம்தான்.

ஆனால் அவர் மற்றப் பக்கத்தைக் கணக்குப் போடவில்லை. பிணைமுறியை உள்ளே கொண்டுபோனால் அதே அளவு பங்கு வெளியே வரவேண்டும், அதற்கும் வரி உண்டு. கனடியப் பங்கு நிதி என்றே எடுப்போம். மொத்தம் 6.5 வீதம் தருகிறது, அதில் 3 வீதம் பங்கிலாபம், மிச்சம் விலையேற்றம் என்று ஒரு அனுமானம். கனடியப் பெரிய கம்பனிகளின் பங்கிலாபத்துக்கு வரிச்சலுகை உண்டு, உங்கள் வருமானத்தில் அதன்மேல் வரி 7 வீதத்தைத் தாண்டாது. விலையேற்றத்துக்கு விற்கும்வரை வரி இல்லை, விற்றாலும் இலாபத்தில் பாதிக்குத்தான், அதாவது 15 வீதம்போல. இருபது வருடத்தில் வரியில்லாமல் 141,000 ஆகவேண்டியது, எல்லா வரியும் கட்டி விற்று முடித்தால் 128,000. இழப்பு 13,000. அங்கே 18,000 மிச்சம், இங்கே 13,000 செலவு, கைக்கு வரும் இலாபம் ஐயாயிரம் டொலர். இருபது வருடத்துக்கு.

ஐயாயிரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்ததைக் கேளுங்கள். வெளியே கொண்டுவருவது அமெரிக்க, ஐரோப்பியப் பங்கு நிதியாக இருந்தால் அதன் பங்கிலாபத்துக்குக் கனடியச் சலுகை இல்லை, வட்டியைப்போல முழு 30 வீதம். அதே 6.5 வீத வளர்ச்சி, பங்கிலாபம் 2 வீதம்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் இருபது வருடத்தில் இழப்பு 25,000க்குப் பக்கத்தில் வருகிறது. பிணைமுறியை வெளியே விட்டிருந்தால் 18,000தான் போயிருக்கும். உங்கள் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருப்பதுபோன்ற உலகப் பங்கு நிதி எதையாவது அப்படியே வெளியே வாங்கி வைத்தால், வரியைக் குறைக்கப் போய் வரியைக் கூட்டிக்கொண்டு வந்த கதைதான். "பிணைமுறி உள்ளே, பங்கு வெளியே" என்ற வாய்ப்பாடு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிணைமுறி வட்டி 4 இல்லாமல் 2 ஆக இருந்தால் இன்னும் பொருந்தாது.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்.

வெளிக்கணக்கில் 25,000க்குக் கனடியப் பங்கு நிதி. முழு 40,000ஐயும் அதில் போடலாம், வரிக்கணக்கு அதைத்தான் சொல்லும், ஆனால் கனடியச் சந்தை என்றால் பெரும்பாலும் வங்கியும் எண்ணெய்யும் சுரங்கமும்தான், வரிக்காக அதில் அவ்வளவு பாரத்தை ஏற்ற எனக்கு மனமில்லை. மிச்சம் 15,000க்குக் குறைந்த கூப்பன் வட்டியுள்ள, முகப்பெறுமதிக்குக் கீழே விற்கிற பிணைமுறி. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் வங்கியில் கேட்டால் பெரும்பாலும் ஜி.ஐ.சி.யைத்தான் காட்டுவார்கள்.

2020, 2021இல் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது வெளியிட்ட பிணைமுறிகள் 1, 1.5 வீதம்தான் தரும். பிறகு வட்டி ஏறியதும் அவற்றை முழு விலைக்கு வாங்க ஆளில்லை, விலை இறங்கியது. உதாரணமாக, 10,000 முகப்பெறுமதி, 1.5 வீத வட்டி, முடிய நான்கு வருடம், இன்றைய விலை 9,265. வருடத்துக்கு 150 வட்டி வரும், நான்கு வருடத்தில் 600, அதற்கு வரி 180. முடிவில் 10,000 கைக்கு வரும், 735 இலாபம், அது மூலதன இலாபம் என்பதால் வரி 110தான். மொத்தம் 290. அதே 9,265ஐ 3.5 வீத ஜி.ஐ.சி.யில் போட்டாலும் வருமானம் ஏறக்குறைய அதேதான், 1,300 டொலர், ஆனால் அத்தனையும் வட்டி என்பதால் வரி 390. பத்தாயிரத்துக்கு நூறு டொலர் வித்தியாசம், அரசாங்கப் பிணைமுறி என்றால் ஆபத்து ஒன்றும் கூடவில்லை. இதையே நிதியாக வைத்திருக்கும், பங்குச்சந்தையில் வாங்கக்கூடிய இ.டி.எஃப்.களும் உண்டு, கூப்பன் வட்டி குறைந்ததாகப் பொறுக்கி எடுப்பவை. உங்கள் கையில் இப்போது இருக்கும் சாதாரண பிணைமுறி நிதி அப்படிப் பொறுக்குவதில்லை. அதற்குள் 5 வீத வட்டிக்காக 105 டொலர் கொடுத்து வாங்கிய பழைய முறிகளும் இருக்கும், அவற்றில் முழு வட்டிக்கும் வரி கட்டிவிட்டு முடிவில் 5 டொலர் நட்டத்தையும் தாங்கவேண்டும். பழைய குறைந்த வட்டி முறிகள் முடிய முடிய இந்த வழி சுருங்கும், அதையும் மனதில் வையுங்கள். இன்னொன்று, வெளிக்கணக்கில் ஐந்து வருடக் கூட்டுவட்டி ஜி.ஐ.சி. மட்டும் வாங்கிவிடாதீர்கள். வட்டி ஐந்தாம் வருடம்தான் கைக்கு வரும், வரியோ ஒவ்வொரு வருடமும் கட்டவேண்டும். கைக்கு வராத காசுக்கு, வட்டி வருமானத்தைக் காட்டும் டி5 சீட்டு வந்திருக்கிறதே என்று என் மேசைக்கு முன்னால் நின்று கத்தியவர்கள் எத்தனை பேர்.

ஆர்.ஆர்.எஸ்.பி. 100,000உம் பிணைமுறியும் ஜி.ஐ.சி.யும். டி.எஃப்.எஸ்.ஏ. 60,000உம் வெளிநாட்டுப் பங்கு நிதி. இப்போது உங்களுடையதை மட்டும் கூட்டிப் பாருங்கள். பங்கு 60,000உம் 25,000உம் சேர்த்து 85,000. பிணைமுறிப் பக்கம் 70,000உம் 15,000உம் சேர்த்து அதே 85,000. நீங்கள் முதலில் விரும்பிய சரிபாதி இதுதான். அறிக்கை மட்டும் பிணைமுறி 115,000, பங்கு 85,000 என்று காட்டும், அதைப் பார்த்து யாராவது "உங்களிடம் பங்கு குறைவு" என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

டி.எஃப்.எஸ்.ஏ.யில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அமெரிக்கக் கம்பனிப் பங்கிலாபத்தில் அமெரிக்கா 15 வீதம் பிடித்துவிட்டுத்தான் அனுப்பும், டி.எஃப்.எஸ்.ஏ.யில் அதைத் திரும்பப் பெறமுடியாது. ஆர்.ஆர்.எஸ்.பி.யில், அமெரிக்கச் சந்தையில் பட்டியலான நிதியை நேரே வைத்திருந்தால் மட்டும் பிடிக்காது. உங்கள் தொகைக்கு இது வருடம் நூற்றுச்சொச்சம் டொலர். அதற்காக டொலர் மாற்றி அமெரிக்க நிதி வாங்கும் தொந்தரவுக்கு நான் போகமாட்டேன்.

அப்படியென்றால் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் ஏன் பிணைமுறி, இரண்டும் ஒன்றுதான் என்றீர்களே என்று கேட்பீர்கள். வரிவீதம் மாறாவிட்டால் ஒன்றுதான். ஆனால் 71 வயது முடிகிற வருடத்துக்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை ஆர்.ஆர்.ஐ.எஃப். என்ற கணக்காக மாற்றவேண்டும், அதன்பிறகு தேவையோ இல்லையோ வருடாவருடம் 5 வீதத்துக்கு மேல் எடுத்தே ஆகவேண்டும், வயதோடு அது ஏறும். பங்கை அதற்குள் வைத்து அது மிகப் பெரிதாக வளர்ந்திருந்தால், கட்டாயமாக எடுக்கிற காசு உங்களை மேலே உள்ள வரிப்படிக்குத் தள்ளும். வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டினால், இப்போது 90,000க்கு மேலே, முதியோர் கொடுப்பனவையும் டொலருக்கு 15 சதம் வீதம் திரும்ப வாங்குவார்கள். டி.எஃப்.எஸ்.ஏ.யில் எவ்வளவு வளர்ந்தாலும் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பெரிதாக வளரக்கூடியதை அங்கே வைக்கிறோம். எதிர்மாறாக, ஓய்வுகாலத்தில் உங்கள் வரிவீதம் 20க்கு இறங்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இந்தக் காரணம் அவ்வளவு வலுவில்லை.

இனி மாற்றும் விதம். இதில்தான் ஆட்கள் விழுவது.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசை எடுத்துப் போடவேண்டாம். ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுத்தால் அப்போதே வரி, அந்த இடமும் திரும்பிவராது. டி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுத்தால் இடம் திரும்பிவரும், ஆனால் அடுத்த ஜனவரியில்தான், அதற்கு முன் போட்டால் மாதம் 1 வீதம் அபராதம். ஒவ்வொரு கணக்குக்குள்ளேயே விற்று அதற்குள்ளேயே வாங்குங்கள். முதல் இரண்டுக்குள்ளும் எத்தனை தரம் விற்று வாங்கினாலும் வரி இல்லை. டி.எஃப்.எஸ்.ஏ. இடம் நிரம்பிவிட்டது என்கிறீர்கள், 2016 முதல் 2025 வரை கூட்டினால் 61,000 வருகிறது, சரிதான். புதிதாக வந்தவர்கள் பலர் 2009இலிருந்து கூட்டி 102,000 என்று நினைத்துப் போட்டு அபராதம் கட்டுகிறார்கள், நீங்கள் தப்பிவிட்டீர்கள். 2026க்குப் புது 7,000 இடம் உண்டு. புதிய சேமிப்பு கையில் இல்லாவிட்டால் வெளிக்கணக்கிலிருந்து அந்த 7,000ஐ உள்ளே அனுப்புங்கள். எதை எங்கே வைப்பது என்று நாம் போட்ட எல்லாக் கணக்கையும்விட அது பெரிய இலாபம்.

வெளிக்கணக்கில் முதலில் தொடங்குங்கள். பிணைமுறி நிதியை 2022க்கு முன் வாங்கியிருந்தால் அது இன்னும் நட்டத்தில் நிற்கலாம், அந்த வருடம் வட்டி ஏறி பிணைமுறி நிதிகள் எல்லாம் விழுந்தன. நட்டத்தில் விற்றால் நல்லதே. அந்த மூலதன நட்டத்தை மூன்று வருடம் பின்னோக்கியும், முன்னோக்கி எத்தனை வருடத்துக்கும் மூலதன இலாபத்தோடு கழிக்கலாம். ஆனால் விற்கும் நாளுக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் அதே நிதியை நீங்களோ கணவரோ, உங்கள் ஆர்.ஆர்.எஸ்.பி.யோ வாங்கி, அந்தக் காலம் முடியும்போதும் கையில் வைத்திருந்தால் நட்டம் செல்லாது. நமது திட்டத்தில் இது வெகு சுலபமாக நடக்கும், ஏனென்றால் வெளியே பிணைமுறியை விற்கும் அதே வாரத்தில் உள்ளே பிணைமுறி வாங்குகிறோம். நானே இதில் விழுந்தவன். மற்றவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, வெளியே ஒரு நிதியை மூவாயிரம் சொச்சம் நட்டத்துக்கு விற்று, பன்னிரண்டாம் நாள் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் அதே நிதியை வாங்கினேன், பழக்கத்தில் விரல் அதே பெயரைத் தட்டிவிட்டது. வெளிக்கணக்கிலேயே திரும்ப வாங்கியிருந்தால் அந்த நட்டம் வாங்கிய விலையில் சேர்ந்து பிறகாவது உதவும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் வாங்கினால் ஒரேயடியாகப் போய்விடும். போய்விட்டது. ஆகவே உள்ளே வாங்குவது வேறு சுட்டெண்ணைப் பின்பற்றும் பிணைமுறி நிதியாக இருக்கட்டும். கம்பனி வேறாக இருந்து சுட்டெண் ஒன்றே என்றால் போதாது.

வெளியே 25,000க்குக் கனடியப் பங்கு வாங்கும் அன்றே ஆர்.ஆர்.எஸ்.பி.யில் பங்கு நிதியை விற்றுப் பிணைமுறி வாங்குங்கள், ஆனால் 25,000க்கு அல்ல, 35,700க்கு. அதில் 70 வீதம்தான் உங்களுடையது, அதனால் 0.7ஆல் பிரிக்கவேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி.யில் மிஞ்சும் பங்கு நிதி 64,300, அதில் உங்களுடையது 45,000. டி.எஃப்.எஸ்.ஏ. ஜி.ஐ.சி.கள் முடிய முடிய அதே மாதிரி, அங்கே 20,000க்குப் பங்கு வாங்கினால் இங்கே 28,600க்கு விற்று, 45,000 வரும்வரை மாற்றிக்கொண்டு போங்கள். கடைசி 15,000க்கு ஆர்.ஆர்.எஸ்.பி.யில் விற்கப் பங்கே இருக்காது. 41 வீதத்திலிருந்து 50க்கு ஏறும் இடம் அதுதான். சந்தை பயமாக இருந்தால் அந்தப் 15,000ஐ ஜி.ஐ.சி.யாகவே விடலாம், வரியில் ஒன்றும் கெடாது.

அம்மாவுக்கு அவசரமாகக் காசு தேவைப்பட்டு, சந்தை விழுந்திருக்கும் நேரத்தில் டி.எஃப்.எஸ்.ஏ. பங்கை விற்கவேண்டி வந்தால் கலங்காதீர்கள். அங்கே 10,000க்கு விற்றுக் காசை எடுங்கள், அதே நாள் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் 14,300க்குப் பிணைமுறியை விற்று அதே பங்கு நிதியை வாங்குங்கள். மொத்தத்தில் நீங்கள் விற்றது பிணைமுறிதான். பாதுகாப்பான காசு எந்தக் கணக்கில் கிடக்கிறது என்பது முக்கியமில்லை, மொத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான்.

அறுபதில் ஊர் வருவது பற்றி. கனடிய வதிவை விட்டுப் புறப்படும் நாளில் வெளிக்கணக்கில் உள்ளதை விற்றதாகவே எடுத்து மூலதன இலாபத்துக்கு வரி கேட்பார்கள், விற்காவிட்டாலும். அன்றைக்கு அந்த வரியைக் கட்டக் கையில் காசு வேண்டும். டி.எஃப்.எஸ்.ஏ.யை அப்படியே விட்டுவிட்டு வரலாம், ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாக ஒரு டொலர் போட்டாலும் மாதம் 1 வீதம். ஆர்.ஆர்.எஸ்.பி.யை வதிவில்லாதவராக மொத்தமாக எடுத்தால் சாதாரணமாக 25 வீதம் பிடிப்பார்கள், நீங்கள் கழிவு பெற்ற 30ஐவிட அது குறைவு. வதிவில்லாதவருக்குக் கனடியப் பங்கிலாபத்தில் 25 வீதம் பிடிப்பு உண்டு, நாட்டு ஒப்பந்தத்தால் அது குறையலாம். சாதாரண பிணைமுறி வட்டிக்கோ பிடிப்பே இல்லை. அதாவது இன்று வெளியே கனடியப் பங்கை வைக்கச் சொன்ன காரணம் கல்லடி வந்த நாளில் தலைகீழாகிவிடும். புறப்படுவதற்கு முந்தின வருடம் இந்தக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும், இலங்கை வரிப் பக்கத்தையும் சேர்த்து.

இப்போதைக்கு ஒரு வேலை. விமானம் ஏறுவதற்கு முன் டி.எஃப்.எஸ்.ஏ. ஜி.ஐ.சி. ஒவ்வொன்றின் முதிர்வுத் திகதியையும் எடுத்து எழுதுங்கள், தானாகப் புதுப்பிக்கும் அறிவுறுத்தல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்கள் அம்மாவோடு இருக்கும் இந்த மூன்று கிழமைக்குள்ளேயே ஒன்று முடிந்து இன்னும் ஐந்து வருடத்துக்குப் பூட்டப்பட்டுவிடக்கூடும்.